காலண்டர் அக்காவின் பதினோராம் தேதி

பொறாமை என்று எல்லோரும் வாய் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் ஒரு தரம் உண்டு. சிலருடையது ஈர விறகு மாதிரி, புகைதான் வரும். சிலருடையது மண்ணெண்ணெய் மாதிரி. பக்கென்று பிடித்து அடங்கிவிடும். காலண்டர் அக்காவின் பொறாமை அப்படிப்பட்டதல்ல. உமிக்கரி. மேலே சாம்பலாகத் தெரியும், கையை வைத்தால்தான் சங்கதி புரியும். அவள் பெருமூச்சு விட்டால் அடுத்த மேசையில் இருக்கும் வழக்குக் கட்டுகள் தானாக அவிழ்ந்துகொள்ளும் என்று கோர்ட் வளாகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவள் ஒரு வக்கீலம்மாவிடம் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. கோர்ட்டுக்கு எதிரே, இரண்டாம் மாடியில், ஒரு பலகைத் தடுப்பால் பிரித்த அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் வக்கீலம்மா, இந்தப் பக்கம் இரும்பு அலமாரிகளும் இவளும். எந்த வழக்கு எந்த மாதம் எந்தத் தேதிக்குப் போயிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால்தான் அந்தப் பெயர். கட்சிக்காரர்கள் மாடிப்படியில் பாதி ஏறும்போதே, "உங்களுக்கு இன்னிக்கு இல்ல, வர்ற வியாழன்" என்று மேலிருந்து குரல் வரும். அவர்களும் அப்படியே திரும்பி இறங்குவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் அவளை வாழ்த்தினார்கள்.

அவளுடைய வேலையில் முக்கியமான அரைமணி நேரம் சாயங்காலத்தில் வரும். காலையில் ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் அன்றைய வழக்குகளின் பட்டியல் அச்சடித்து ஒட்டப்படும். வரிசை எண், வழக்கு எண், வாதி யார், பிரதிவாதி யார், எந்த வக்கீல், என்ன நிலை. அடுத்த தேதி அதில் இருக்காது. எப்படி இருக்கும், இன்னும் கூப்பிடவே இல்லையே. ஒவ்வொரு வழக்கும் முடிந்ததும் பெஞ்ச் கிளார்க் தன் மேசையில் இருக்கிற பிரதியில், வலது ஓரத்தில், பேனாவால் அடுத்த வாய்தாவை எழுதிக்கொண்டே வருவார். கோர்ட் கலைந்ததும் அந்தப் பிரதியை வாசல் ஆணியில் மாட்டுவார். அரைமணிதான். அப்புறம் உள்ளே எடுத்துப் பூட்டிவிடுவார். அந்த அரைமணியில் முப்பது குமாஸ்தாக்கள் ஒரு தாளின் மேல் ஈ மாதிரி மொய்த்து, அவரவர் அலுவலக வழக்குகளைத் தேடி டைரியில் எழுதிக்கொள்ள வேண்டும். காலண்டர் அக்கா ஒல்லி. கூட்டத்தின் அக்குளுக்குள் புகுந்து, தலையை நீட்டி, மூன்று கோர்ட்டையும் இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்த இடத்தில்தான் ஓரகத்தி வந்து சேர்ந்தாள்.

ஓரகத்தி என்றால் புருஷனுடைய தம்பியின் பெண்டாட்டி. ஒரே வீட்டில் கீழ்ப்பாகம் அக்காவுக்கு, மேல்பாகம் அவளுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். உண்மையில் அவள் அக்காவைவிட எட்டு மாதம் மூத்தவள். பின்னால் வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு 'அக்கா' போட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. அதையும் சிரித்த முகத்தோடு கூப்பிடுவாள். அந்தச் சிரிப்புத்தான் அக்காவுக்கு ஆகாது. முறைத்துக்கொண்டு கூப்பிட்டால் ஒரு நியாயம் இருக்கும், சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறவளை என்ன செய்வது?

சின்னவள் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டது. வக்கீலம்மாவுக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. அக்காவே வாய் தவறி, "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, நல்லா டைப் அடிப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன நாக்கை அன்று ராத்திரியே கடித்துக்கொண்டாளாம். வீட்டில்தான் மேலேயும் கீழேயும் என்றால், இனி அலுவலகத்திலும் எதிரும் புதிரும்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தாள். அந்த இரண்டு நாளும் பட்டியல் பார்க்கச் சின்னவள் போனாள். அவள் குட்டை, கூட்டத்துக்குள் புகத் தெரியாது. பின்னால் நின்று கையை உயர்த்தி, போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அறைக்கு வந்து, போனில் இருந்த ஒரு செயலியிடம் படங்களைக் கொடுத்து, வழக்கு எண் ஒரு கட்டம், கட்சிக்காரர்கள் ஒரு கட்டம், அடுத்த தேதி ஒரு கட்டம், இப்படி அட்டவணையாகப் போட்டுத் தா என்று எழுதினாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் தந்துவிட்டது. அதைக் கணினியில் ஏற்றி, அலுவலகக் கட்டுகளின் எண்களோடு பொருந்துகிற வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தேதிவாரியாக அடுக்கி, ஒரு தாளில் அச்செடுத்து வக்கீலம்மாவின் மேசையில் வைத்தாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாராம். மறுநாள் மற்ற அறை வக்கீல்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். காய்ச்சல் விட்டு வந்த அக்காவிடம் இதை ஒன்றுக்கு மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆள் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்துத் தன் வயிற்றில் குத்திக்கொண்டவள் கதை தெரியுமல்லவா. அக்கா குழவியை எடுக்கவில்லை. ஸ்கேல் எடுத்தாள். சின்னவள் அச்செடுத்து வைக்கும் அட்டவணையை, அவள் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தித் தன் டைரியோடு ஒத்துப் பார்ப்பாள். தப்பு தேடித்தான்.

கிடைத்தது. முதல் வாரத்திலேயே இரண்டு. ஒரு வழக்கில் வாதியின் பெயர் நீளமாக இரண்டு வரிக்கு வழிந்திருந்தது; செயலி அதை இரண்டு வழக்காக எண்ணி, கீழே இருந்தவருடைய தேதியை மேலே இருந்தவருக்குக் கொடுத்திருந்தது. இன்னொரு படத்தில் சின்னவளின் கட்டைவிரல் நிழல் விழுந்து ஒன்று ஏழாகியிருந்தது. அக்கா இரண்டையும் வக்கீலம்மாவின் முன்னால், ஏதோ தற்செயலாகக் கண்ணில் பட்டது போலச் சொன்னாள். சின்னவள் முகம் வாடவில்லை. "நல்லவேளை அக்கா பாத்தீங்க. இனிமே தினமும் உங்க டைரியோட ஒத்துப் பாத்துட்டுத்தான் பிரிண்ட் எடுப்பேன்" என்றாள். வக்கீலம்மா அதற்கும் அவளைத்தான் மெச்சினார்: எவ்வளவு பொறுப்பு!

தப்பைக் கண்டுபிடித்தவள் இவள், பாராட்டு அவளுக்கு. அன்று அக்கா வீட்டில் பாத்திரம் கழுவிய சத்தத்தில் மேல்மாடிக் குழாய் தானாக நின்றுவிட்டது என்று அவள் புருஷன் சொல்வார்.

அதற்கப்புறம் வழக்கம் இப்படி ஆயிற்று. சாயங்காலம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பட்டியலுக்குப் போவார்கள். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி படம் எடுப்பாள். அறைக்கு வந்ததும் சின்னவள் ஒவ்வொரு வழக்கு எண்ணாகச் சொல்ல, அக்கா டைரியிலிருந்து தேதி சொல்வாள். இரண்டும் ஒத்துப்போனால் சின்னவள் அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம் பூசுவாள். வழக்கு எண்ணும் கட்சிக்காரர் பெயரும் தப்பானால் கட்டைப் பார்த்துத் திருத்திவிடலாம். தேதிக்கு மட்டும் அலுவலகத்தில் வேறு ஆதாரம் கிடையாது, அக்காவின் டைரிதான். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு குறை, அதில் ஒரு பக்கம் பொறாமை உட்கார்ந்திருந்தது.

இங்கே தையற்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், தலையை நிமிர்த்தினால் இடிக்கிற ஒரு பொந்தில், பதினாறு வருடமாகத் தையற்கடை வைத்திருந்தாள். கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். அவர் தரப்புச் சாட்சி முடிந்துவிட்டது. இவள் தரப்புக்கு இரண்டு தடவை வாய்தா வாங்கியாயிற்று. ஒரு தடவை இவளுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு தடவை வக்கீலம்மா வெளியூரில். மூன்றாவது தடவை நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாய்தாவுக்குப் பிரதிவாதி கூண்டில் ஏறவில்லையென்றால் அவள் தரப்புச் சாட்சியத்தை முடித்துவிடுவேன், அப்புறம் தீர்ப்புத்தான். அதாவது, அன்றைக்கு அவள் வராவிட்டால் கட்டடக்காரர் சொன்னது மட்டுமே கோர்ட்டின் காதில் விழுந்ததாக இருக்கும். மாடிப்படிக்கு அடியில் இருந்து மெஷினைத் தூக்க வேண்டியதுதான்.

அப்படிக் குறித்த அடுத்த வாய்தா வந்தபோது நீதிபதி விடுப்பு. நீதிபதி இல்லாத நாளில் வழக்குகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட மாட்டார்கள். பெஞ்ச் கிளார்க் மொத்தமாக எல்லாவற்றையும் தள்ளி, பட்டியலின் ஓரத்தில் தேதிகளைக் கடகடவென்று எழுதி மாட்டிவிடுவார். யாரும் காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்ப்பதுதான். தையற்காரியின் வழக்கு அன்று பட்டியலில் முப்பத்தெட்டாவது.

அக்கா தலையை நீட்டி எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று வரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, படம் எடுத்து முடித்த சின்னவளை வக்கீலம்மா எதிர்ச்சாரியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே மாடி ஏறுவது தெரிந்தது. வக்கீலம்மா சின்னவளின் தோளில் கை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை அக்காவின் தோளில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

இனி முப்பத்திரண்டாவது வழக்கு எங்கே கண்ணில் படும்? அக்கா டைரியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து, செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி மாடி ஏறித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே பேச்சு. அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "...இனிமே நீயே முழுசாப் பாத்துக்கோயேன்..." எதை? யாருக்குத் தெரியும். ஜன்னல் திரை துவைப்பதைப் பற்றித்தான் பேசினார்கள் என்று பின்னால் தெரிய வந்தது. ஆனால் அக்காவின் காதில் அது அவள் நாற்காலியாகவே விழுந்தது.

திரும்பிக் கோர்ட்டுக்கு ஓடினால், ஆணி மட்டும் இருந்தது. தாளை உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று.

மிச்ச வழக்குகளை எழுதவில்லை என்று சொல்லலாமா? சொன்னால், "பரவாயில்ல அக்கா, என்கிட்ட படம் இருக்கு" என்று அவள் சிரித்த முகத்தோடு சொல்வாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள அக்காவின் உடம்பில் தெம்பு இல்லை. அக்கா அறைக்குத் திரும்பியபோது சின்னவள் கை கழுவப் போயிருந்தாள். கணினித் திரையில் அட்டவணை விரிந்து கிடந்தது. அக்கா எட்டிப் பார்த்து, முப்பத்திரண்டிலிருந்து கடைசி வரை தங்கள் அலுவலக வழக்குகளைத் தன் டைரியில் முத்து முத்தாக எழுதிக்கொண்டாள். மை காய ஊதினாள். நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சின்னவள் வந்து வழக்கம்போல் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். தையற்காரியின் வழக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள்.

"அக்கா, இதுக்குப் பதினொண்ணுன்னு வந்திருக்கு. கடைசி வாய்ப்பு கேசு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என் டைரியில என்னிக்காவது தப்பு வந்திருக்கா? பதினொண்ணுதான்."

சின்னவள் பச்சை பூசினாள். தையற்காரிக்குப் போன் போட்டு அடுத்த மாதம் பதினோராம் தேதி வரச் சொன்னாள். வக்கீலம்மாவின் நாட்குறிப்பிலும் பதினொன்று ஏறியது. அட்டவணையைப் பார்த்து எழுதிய டைரியை வைத்து அட்டவணை சரி என்று முடிவானது. திருடனே வந்து, "இவர் திருடவில்லை, நான் பார்த்தேன்" என்று தனக்கே சாட்சி சொன்ன கதை.

அடுத்த மாதம் நாலாம் தேதி காலை பத்து மணி. வேறொரு வழக்குக்காக நகல் விண்ணப்பம் கொடுக்க அக்கா கோர்ட்டுக்குப் போனாள். இரண்டாம் கோர்ட் வாசலில் அன்றைய பட்டியல் பசை ஈரத்தோடு ஒட்டியிருந்தது. பழக்கதோஷம், நின்று படித்தாள். ஒன்பதாவது வரியில் கட்டடக்காரர் வாதி, தையற்காரி பிரதிவாதி. நிலை: பிரதிவாதி தரப்புச் சாட்சியம், கடைசி வாய்ப்பு.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது; சந்தோஷம் வந்தது. மாட்டிக்கிட்டாடி மகராசி! போன் தப்பாகப் படித்துவிட்டது! பச்சை பூசிய கையை இனி என்ன செய்கிறாள் பார்ப்போம்! வக்கீலம்மா என்ன சொல்வார், எந்த முகத்தோடு சொல்வார், அப்போது தான் எங்கே எப்படி நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது வரை, பசை ஈரம் காய்வதற்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

அப்புறம்தான் கக்கத்தில் இருந்த டைரி கனத்தது. எடுத்துப் புரட்டினாள். முத்து முத்தான எழுத்தில் பதினொன்று.

பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததாம். எண் போட்ட டைரி, கிழித்தால் காட்டிக்கொடுக்கும். பதினொன்றை நாலாக மாற்றலாமா? ஒன்றை ஏழாக்கலாம், மூன்றை எட்டாக்கலாம். பதினொன்றை நாலாக்க பிரம்மாவாலும் ஆகாது. நிற்க நிற்க மணி பத்தேகால். பத்தரைக்கு நீதிபதி வந்து உட்காருவார். ஒன்பதாவது வழக்கென்றால் பதினொன்றுக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பொந்தில் தையற்காரி ஒன்றும் அறியாமல் ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருப்பாள். வக்கீலம்மா ஊரின் மறுகோடியில் வேறொரு கோர்ட்டில். உள்ளே போனால் போனை அணைத்துவிடுவார்.

மாடியில் இருக்கிறவள் ஒருத்திதான். அக்கா போன் எடுத்தாள்.

"சின்னவளே, தையற்காரி கேசு இன்னிக்கு லிஸ்டுல இருக்கு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "இருக்காதே அக்கா. பதினொண்ணாச்சே. அட்டவணையிலயும் அதான், உங்க டைரியிலயும் அதான். லிஸ்டுதான் தப்பா அடிச்சிருப்பாங்க."

இங்கேதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் தேதி சொன்ன வாய்.

"என் டைரியில இருக்கிறது நான் கோர்ட்டுல பாத்து எழுதினது இல்ல" என்றாள் அக்கா. "உன் ஸ்கிரீனைப் பாத்து எழுதினது."

அக்கா காதில் போனை அழுத்திக்கொண்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் வந்தது.

"அந்தப் படம் இன்னும் போன்ல இருக்கு. இருங்க, பெரிசு பண்றேன்... முப்பத்தேழுல நாலு. நம்மது முப்பத்தெட்டு, ஒண்ணு ஒண்ணு. முப்பத்தொம்பதும் ஒண்ணு ஒண்ணு. நாப்பதுல பதினெட்டு. பதினொண்ணு மாதிரிதானே அக்கா இருக்கு?"

"அந்த ரெண்டு ஒண்ணும் எவ்வளவு உசரம்?"

"குட்டை. வரிக்கு மேல் பக்கமா, தொங்குற மாதிரி..."

"அது பதினொண்ணு இல்லடி. மேற்படி."

மேலே எழுதியதே கீழேயும் என்பதற்குப் போடுகிற இரட்டைக் கோடு. நாலு, மேற்படி, மேற்படி. அந்த பெஞ்ச் கிளார்க் மாதத்தைப் பக்கத்தின் தலையில் ஒரு தடவை எழுதுவார், கீழே நாள் மட்டும். அதிலும் ஒரே நாள் தொடர்ந்து வந்தால் இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார். செயலிக்கு அது பதினொன்றாகத் தெரிந்ததில் தப்பில்லை. கட்டத்தில் எண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது, இரண்டு கோடு கிடைத்தது, எண்ணாக்கிவிட்டது. நாலு, பதினொன்று, பதினெட்டு என்று வாரத்துக்கு ஒன்றாக அழகாக வேறு அமைந்துவிட்டது. விடுமுறை நாளாக விழுந்திருந்தாலாவது யாருக்காவது உறைத்திருக்கும். அக்கா ஆணிக்கு எதிரே நின்று பார்த்திருந்தால் அரைக் கண்ணால் கண்டுபிடித்திருப்பாள். நிற்கவில்லையே.

"நீ கட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவளைக் கூட்டிட்டு வா. நான் இங்க பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

குமாஸ்தா எழுந்து நீதிபதியிடம் பேச முடியாது. எதிர் அறையில் ஒரு வக்கீல் இருந்தார். கறுப்பு அங்கியின் பொத்தானை எப்போதும் ஒன்று தள்ளியே போடுகிறவர். அக்கா அவருடைய வாய்தாக்களையும் பல தடவை ஞாபகப்படுத்தியிருக்கிறாள். அவரைத் தேநீர்க் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வழக்கைக் கூப்பிட்டபோது அவர் எழுந்து, பிரதிவாதி வந்துகொண்டிருக்கிறார், அவருடைய வக்கீலும் வேறு கோர்ட்டில் இருக்கிறார், கொஞ்ச நேரம் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டார். கட்டடக்காரரின் வக்கீல் எழுந்து, இது கடைசி வாய்ப்பு என்று ஞாபகப்படுத்தினார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரைக்கும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இல்லை.

சின்னவள் ஸ்கூட்டர் ஓட்டிய விதத்தைப் பற்றி நாலு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். போக்குவரத்துக் காவலர் விசிலை விழுங்கிவிட்டார் என்பது ஒன்று. தையற்காரி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையோடே பின்னால் ஏறினாள், வரும் வழியில் கொக்கி வைத்து முடித்துவிட்டாள் என்பது இன்னொன்று. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, பதினொன்றே முக்காலுக்குக் கழுத்தில் அளவு டேப்போடு தையற்காரி கோர்ட் வராந்தாவில் நின்றாள். சின்னவள் அவளுடைய சாட்சி வாக்குமூலத்தை முன்னமே டைப் அடித்து வழக்குக் கட்டுக்குள் வைத்திருந்தாள். அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வக்கீலம்மாவின் போன் அதற்குள் உயிர் பெற்றிருந்தது. அவர் ஆட்டோவிலிருந்து இறங்கி, அங்கியை நடந்துகொண்டே போட்டுக்கொண்டு, பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தார்.

தையற்காரி கூண்டில் ஏறினாள். பதினாறு வருடம் எங்கே உட்கார்ந்திருந்தாள், எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதைக் கோர்ட் பதிந்துகொண்டது. குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு நேரம் கேட்டது. அடுத்த வாய்தா இருபத்தைந்து. அதை நாலு பெண்கள் காதால் கேட்டார்கள்.

மத்தியானம் அறையில் வக்கீலம்மா இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார்.

அக்கா வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள். தப்பு என்னோடது என்று சொல்லிவிடுவது. தலை குனிந்து சொன்னாலும், சொல்லிவிட்டால் தனக்கு ஒரு மரியாதை மிச்சம் இருக்கும். வாயைத் திறந்தாள்.

"என் தப்புதாம்மா" என்றாள் சின்னவள். முந்திக்கொண்டாள். "படத்தைப் பெரிசு பண்ணிப் பாக்காம பச்சை போட்டுட்டேன்."

அக்காவின் காது மடல் சிவந்தது. வேலை போயிற்று, பேர் போயிற்று, கடைசியில் இந்தத் தப்பாவது சொந்தமாக மிஞ்சும் என்று பார்த்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகிறாளே!

"அவ தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "நான் பாக்காம பாத்ததாச் சொன்னேன். தப்பு என்னோடது."

"இல்லம்மா, அக்கா மேல எதுவும்..."

"நீ சும்மா இருடி. முழுத் தப்பும் என்னோடதுதான். உனக்குப் பங்கு கிடையாது."

வக்கீலம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்புக்கு இப்படி அடித்துக்கொள்கிற வாதி பிரதிவாதியை அவர் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை போலிருக்கிறது. சிரிப்பை அடக்க ஒரு கட்டைத் திறந்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஏன் பாதியில் விட்டுவிட்டு வந்தாய் என்று மட்டும் அக்காவிடம் கேட்டார். அக்கா தோளைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு மனசு சரியில்லை என்றாள். அதுவும் பொய் இல்லை.

அன்றே புது ஏற்பாடு வந்தது. அட்டவணையில் நாலாவதாக ஒரு கட்டம்: தாளைக் கண்ணால் பார்த்தவர் யார். படத்திலிருந்து வந்த தேதியை, ஆணியில் தொங்கும் தாளோடு ஒருத்தி நேரில் ஒத்துப் பார்த்துத் தன் பேரைப் போட வேண்டும். பார்க்காததற்குப் போடக் கூடாது. காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும், மறுநாள் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளலாம். பெஞ்ச் கிளார்க்கிடமும் போய், இனிமேல் கோடு இழுக்காமல் தேதியை முழுசாக எழுதச் சொன்னார்கள். அவர் பேனாவைத் தூக்கிக் காட்டி, அப்போ ஆளுக்கு ஒரு ரீஃபில் வாங்கிக் கொடுங்க என்றார். கோடு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். சின்னவள் கையை உயர்த்திப் படம் எடுப்பாள். அட்டவணை போனிலேயே வந்துவிடும். அக்கா கூட்டத்தின் அக்குளில் புகுந்து, தாளில் இருப்பதை அவள் காதில் விழும்படி வாசிப்பாள். மேற்படி வந்தால் "மேற்படி, நாலு" என்று தேதியையும் சேர்த்தே சொல்வாள். கூட்டம் குறைந்ததும் சின்னவளும் தாளுக்குக் கிட்டே போய், மிச்ச வரிகளைத் தானே பார்த்துத் தன் பேரைப் போடுவாள். பார்ப்பவர்கள், ஓரகத்திகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்.

போன வாரம் அக்கா ஆளில்லாத நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு அது ஆகாதே என்று தையற்காரி எட்டிப் பார்த்திருக்கிறாள்; வாய்தாவை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள வந்தவள். நாலாவது கட்டத்தின் தலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. அதை அமுக்கினால் ஒவ்வொரு பேரிலும் எத்தனை வரி என்று தனித்தனியாகப் பார்க்கலாம். அதை அக்கா யாரிடமும் கேட்காமல் தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"என்னக்கா பாக்கறீங்க?" என்று கேட்டாளாம் தையற்காரி.

"ஒண்ணுமில்ல" என்றாளாம் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ நூத்தி நாப்பத்தாறு. நான் நூத்தி அம்பத்தொண்ணு. உனக்கு இருபத்தஞ்சாம் தேதி. போயிட்டு வா."